அடுத்த நாள் கேண்டிலுக்கு என்ன விலை? ஷூட்டிங் ஸ்டாரும் இன்வெர்ட்டட் ஹேமரும்

2020 பிப்ரவரி 4 அன்று அமெரிக்கச் சந்தையில் டெஸ்லா பங்கு 882.96 டாலரில் தொடங்கியது. அதற்கு முந்தைய நாள் முடிவு 780 டாலர். அந்த முந்தைய நாளிலேயே பங்கு ஏறத்தாழ 20 சதவீதம் ஏறியிருந்தது. 2019ஐ அது முடித்ததோ 418.33 டாலரில். ஐந்தே வாரத்தில் விலை இரு மடங்கைத் தாண்டிவிட்டது. விலை இறங்கும் என்று பந்தயம் கட்டி ஷார்ட் அடித்திருந்தவர்கள் நஷ்டத்தோடு வாங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பிப்ரவரி 4 அன்று விலை 968.99 வரை போனது. வர்த்தகம் முடியும் தறுவாயில் சரிந்து, 887.06 டாலரில் நின்றது.

தினசரி சார்ட்டில் அந்த நாள் பதிந்தது இப்படி: தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே நான்கு டாலர் சொச்சம் கொண்ட மெல்லிய உடல், அதன் தலைக்கு மேல் 82 டாலர் நீளத்துக்கு ஒரு விக். பார்த்ததுமே பலரும் ஷூட்டிங் ஸ்டார் என்றார்கள். (இன்றைய சார்ட்டில் இந்த விலைகளைத் தேடினால் கிடைக்காது. அதன்பின் பங்கு 2020இல் ஐந்தாகவும் 2022இல் மூன்றாகவும் பிரிக்கப்பட்டதால், எல்லா எண்ணையும் 15ஆல் வகுத்துத்தான் காட்டும். 968.99 அங்கே சுமார் 64.60.)

ஆனால் ஒரு சிக்கல். அன்றைய குறைந்த விலை 833.88. அதாவது உடலுக்குக் கீழேயும் 49 டாலர் விக் இருக்கிறது. நாளின் மொத்த வீச்சு 135 டாலர் என்றால், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கீழ் விக்குக்கே போய்விட்டது. ஷூட்டிங் ஸ்டாரில் உடல் வீச்சின் அடியில் உட்கார்ந்திருக்க வேண்டும், கீழ் விக் இல்லாமல் அல்லது மிகச் சிறியதாக இருக்க வேண்டும் என்பது விதி. அதைக் கறாராகப் பிடித்தால் இது ஷூட்டிங் ஸ்டாரே அல்ல. விதியைத் தளர்த்தி அந்தப் பெயரைக் கொடுத்தவர்களுக்கு அடுத்து என்ன ஆனது என்பதைப் பின்னால் பார்க்கலாம். அதற்கு முன் விதிகளைப் பார்த்துவிடுவது நல்லது.

ஜப்பானியக் கேண்டில் முறையை மேற்கத்திய வர்த்தகர்களிடம் பரப்பியவர் ஸ்டீவ் நிசன். 1991இல் வந்த அவருடைய புத்தகத்துக்குப் பிறகுதான் இந்தப் பெயர்கள் உலகெங்கும் புழக்கத்துக்கு வந்தன. சிறிய உடல், உடலைப்போல் இரு மடங்காவது நீண்ட மேல் விக், கீழே ஏறத்தாழ ஒன்றுமில்லை என்பதே வடிவம். உடல் பச்சையா சிவப்பா என்பது இரண்டாம்பட்சம். இந்த வடிவம் ஏற்றத்தின் முடிவில் வந்தால் ஷூட்டிங் ஸ்டார், இறக்கத்தின் முடிவில் வந்தால் இன்வெர்ட்டட் ஹேமர். இரண்டையும் வெட்டி எடுத்து மேசைமேல் வைத்தால் எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. முதலாவது இறக்கத்துக்கான எச்சரிக்கை, மற்றது ஏற்றத்துக்கான எச்சரிக்கை. ஒரே படம் நேரெதிரான இரண்டு செய்திகளைச் சொல்கிறது என்றால், செய்தி படத்தில் இல்லை, படம் வந்த இடத்தில் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் ஸ்கிரீனர் வைத்துத் தேடுபவர்கள் சறுக்குகிறார்கள். பல மென்பொருள்களுக்கு அடியில் ஓடுவது டிஏ-லிப் என்ற திறந்தமூல நூலகம். அதில் `CDLSHOOTINGSTAR`, `CDLINVERTEDHAMMER` என்று இரண்டு கட்டளைகள் உண்டு. இரண்டும் உடல் சிறியதா, மேல் விக் உடலைவிட நீளமா, கீழ் விக் மிகச் சிறியதா என்று பார்க்கின்றன. கீழ் விக் முந்தைய பத்துக் கேண்டில்களின் சராசரி வீச்சில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. டெஸ்லாவின் பிப்ரவரி 4 இங்கேயே கழன்றுவிடும். கடைசியாக, உடல் முந்தைய உடலுக்கு மேலே இடைவெளி விட்டு நிற்கிறதா, கீழே நிற்கிறதா என்று பார்த்துப் பெயரைப் பிரிக்கின்றன. அவ்வளவுதான். ட்ரெண்ட் என்ன என்று அவை பார்ப்பதே இல்லை. அதைப் பயன்படுத்துபவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நிரலுக்குள்ளேயே குறிப்பு எழுதியிருக்கிறார்கள். பட்டியலில் வந்த பெயரை மட்டும் நம்பி ஆர்டர் போடுபவர் அந்தக் குறிப்பைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

ட்ரெண்டை எப்படி அளப்பது என்பதற்கு ஒரே விடை கிடையாது. கேண்டில்களை ஆராய்ந்தவர்களிலேயே சிலர் மூன்று நாள் சராசரியை வைத்தார்கள், சிலர் பத்து நாள் சராசரியை. எதை வைத்தாலும் முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும், கேண்டிலைப் பார்த்த பிறகு தேர்ந்தெடுக்கக் கூடாது. ட்ரெண்டோடு இன்னொன்றும் வேண்டும்: விலை ஏற்கெனவே திரும்பிய இடம். மூன்று மாதம் முன்பு 500 ரூபாயில் முட்டித் திரும்பிய பங்கு, மறுபடி 500ஐத் தொட்டுவிட்டு நீண்ட விக்கோடு இறங்கினால் அங்கே விற்பவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள் என்று பொருள். நடுவழியில் எங்கோ வந்த நீண்ட விக் அன்றைய ஒரு செய்தியின் எதிரொலியாக மட்டும் இருக்கலாம். பக்கவாட்டில் அலையும் சந்தையில் இந்த வடிவத்துக்கு எந்தப் பெயரும் வைக்காமல் விடுவதே சரி. திரும்புவதற்கு அங்கே எதுவும் இல்லை.

இனி உறுதிப்பாடு. கன்ஃபர்மேஷன் கேண்டில் என்று எல்லோரும் சொல்லும் அந்த அடுத்த நாள் கேண்டில் எதைச் செய்தால் உறுதியாகும்? ஷூட்டிங் ஸ்டாருக்கு மூன்று படிகள் புழக்கத்தில் உண்டு. மிகத் தளர்ந்தது, மறுநாள் உடலுக்குக் கீழே தொடங்கினால் போதும் என்பது. அடுத்தது, மறுநாள் உடலுக்குக் கீழே முடிய வேண்டும். கறாரானது, ஸ்டாரின் குறைந்த விலைக்கும் கீழே முடிய வேண்டும். இன்வெர்ட்டட் ஹேமருக்கு இவற்றையே தலைகீழாக்கிக்கொள்ளலாம்: உடலுக்கு மேல் தொடக்கம், உடலுக்கு மேல் முடிவு, உயர்ந்த விலைக்கு மேல் முடிவு. இன்வெர்ட்டட் ஹேமருக்கு மறுநாளின் உறுதிப்பாடு அவசியம் என்கிறார் நிசன். உடலுக்கு மேல் தொடங்கினாலோ, அதைவிட நன்றாக, மேலே முடிந்தாலோ போதும் என்பது அவர் வைத்த அளவு. அவர் சொல்லும் காரணம் நடைமுறைக்கு ஒத்தது. முதல் நாள் அடிவிலையில் ஷார்ட் அடித்தவர்கள் மறுநாள் விலை மேலே நிற்பதைக் கண்டால் நஷ்டத்தில் இருக்கிறார்கள். வெளியேற அவர்கள் வாங்கியாக வேண்டும். அந்த வாங்கலே விலையை இன்னும் தூக்கும்.

நாள் நடுவில் எல்லையைத் தொட்டுவிட்டுத் திரும்புவது எந்தப் படியிலும் முடிவாகக் கணக்கில் வராது. மறுநாள் கேண்டில் முழுக்க முதல் நாளின் வீச்சுக்குள்ளேயே அடங்கிவிட்டால் உறுதியும் இல்லை, மறுப்பும் இல்லை. இன்னும் ஓரிரு நாள் பார்க்கலாம். எத்தனை நாள் என்பதை முதலிலேயே குறித்துவைக்காதவர்கள், விலை என்றாவது ஒருநாள் எல்லையைத் தாண்டியதும் அதைப் பழைய கேண்டிலின் கணக்கில் எழுதிக்கொள்வார்கள்.

இந்த விதிகள் எவ்வளவு தூரம் பலிக்கின்றன? தாமஸ் புல்கோவ்ஸ்கி 2008இல் வெளியிட்ட கேண்டில் களஞ்சியத்தில் எண்ணிப் பார்த்திருக்கிறார். விலை எந்தப் பக்கம் போனது என்று தீர்மானிக்க அவர் வைத்த அளவுகோல் கறாரானது: வடிவத்தின் உச்சிக்கு மேல் முடிந்தால் ஏற்றம், அடிக்குக் கீழ் முடிந்தால் இறக்கம். ஒற்றைக் கேண்டில் ஷூட்டிங் ஸ்டார் 59 சதவீத முறை சொன்னபடி இறங்கியது. இன்வெர்ட்டட் ஹேமரோ 65 சதவீத முறை, சொன்னதற்கு மாறாக, இறங்கிக்கொண்டே போனது. முந்தைய கேண்டிலையும் சேர்த்துக் கணக்கிடும் இரட்டைக் கேண்டில் ஷூட்டிங் ஸ்டார் 61 சதவீத முறை மேலே போனது. இறங்க வேண்டியது ஏறியிருக்கிறது.

முதல் பார்வையில் இது குழப்பம். ஒன்று வேலை செய்கிறது, ஒன்று எதிராக வேலை செய்கிறது, முதலாவதின் இரட்டைப் பதிப்போ கவிழ்ந்துவிடுகிறது. ஷூட்டிங் ஸ்டார் பரவாயில்லை, இன்வெர்ட்டட் ஹேமர் மோசம் என்று இதிலிருந்து முடிவுகட்டுபவர்கள் உண்டு. ஆனால் மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முடிவு விலை எங்கே நிற்கிறது என்று பார்த்தால் குழப்பம் பெரும்பாலும் கலைந்துவிடுகிறது.

ஒரு கற்பனைப் பங்கை எடுத்துக்கொள்வோம். 500 ரூபாயிலிருந்து சில வாரங்களாக இறங்கி, நேற்று 441இல் தொடங்கி 424இல் முடிந்தது. இன்று 418இல் தொடக்கம், 432 உச்சம், 416 அடி, 420 முடிவு. உடல் 2 ரூபாய், மேல் விக் 12, கீழ் விக் 2. இன்வெர்ட்டட் ஹேமருக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. இப்போது விலை அடிக்கு 4 ரூபாய் தள்ளி நிற்கிறது, உச்சிக்கு 12 ரூபாய் தள்ளி. இனி ஒவ்வொரு அசைவும் நாணயம் சுண்டிப்போட்டு நடப்பதுதான், கேண்டிலில் எந்தச் செய்தியும் கிடையாது என்று வைத்துக்கொண்டால்கூட, அடியை முதலில் தொடும் வாய்ப்பு 16இல் 12 பங்கு, அதாவது 75 சதவீதம். கிட்டே இருக்கும் சுவரில்தான் முதலில் முட்டும்.

தொட்டால் போதாது, முடிவு விலைதான் கணக்கு என்று விதி வைத்தால் இந்தச் சாய்வு குறையும். ஒரே நாளில் எட்டு ரூபாய் ஆடும் பங்குக்கு நான்கு ரூபாய்த் தொலைவுக்கும் பன்னிரண்டு ரூபாய்த் தொலைவுக்கும் உள்ள வேறுபாடு சுருங்கிவிடும் என்பதே காரணம். ஆனாலும் சாய்வு முழுக்கப் போய்விடாது. ஷூட்டிங் ஸ்டாரிலும் முடிவு விலை அடியருகேதான் நிற்கிறது. எனவே அங்கும் அடிதான் முதலில் உடைய வாய்ப்பு அதிகம், அதைச் சொன்னபடி நடந்தது என்று எழுதுகிறோம். இன்வெர்ட்டட் ஹேமரிலும் அதே அடி உடைகிறது, அதைத் தோல்வி என்று எழுதுகிறோம். இரட்டைக் கேண்டில் ஷூட்டிங் ஸ்டாரில் வடிவத்தின் அடி முந்தைய நாள் ஏற்றத்தின் தொடக்கத்துக்கே போய்விடுகிறது. அடி தூரமாகிவிட்டதால் உச்சி முதலில் உடைகிறது. புல்கோவ்ஸ்கியின் மூன்று எண்களும் இந்தத் திசையோடு ஒத்துப்போகின்றன. இது அவர் தரும் விளக்கம் அல்ல, அவருடைய அளவுகோலிலிருந்து வரும் கணக்கு. 59 சதவீதத்தைக் கேண்டிலின் தீர்க்கதரிசனம் என்று சொல்வதற்கு முன், எதுவும் தெரியாத நாணயமே எவ்வளவு கொடுத்திருக்கும் என்று கேட்டாக வேண்டும். பெரும்பாலும் அதற்கு அருகிலேயே கொடுத்திருக்கும்.

நியூசிலாந்தின் பென் மார்ஷல், மார்ட்டின் யங், லாரன்ஸ் ரோஸ் மூவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியை வேறு வழியில் கேட்டது. டவ் ஜோன்ஸ் குறியீட்டுப் பங்குகளின் 1992 முதல் 2002 வரையிலான விலைகளை எடுத்து, அவற்றைப் போலவே நடக்கும் செயற்கை விலைத்தொடர்களைக் கணினியில் உருவாக்கி ஒப்பிட்டார்கள். உண்மையான சந்தையில் கேண்டில்கள் கொடுத்த லாபம் செயற்கைத் தொடர்களில் கிடைத்ததைவிட மேலானதாக இல்லை. ஷூட்டிங் ஸ்டாரும் அவர்கள் சோதித்த வடிவங்களில் ஒன்று.

ஆக, இரண்டு கேண்டில்களுக்கும் உறுதிப்பாட்டு விதி ஒன்றுதான் என்று பாடப்புத்தகங்கள் தலைகீழ்ப் பிரதியாக எழுதுவது ஏமாற்றும். ஷூட்டிங் ஸ்டாருக்குக் கறாரான உறுதிப்பாடுகூட மலிவு. எல்லை காலடியில் இருக்கிறது, ஒரு சாதாரண நாளின் சறுக்கலே அதைக் கொடுத்துவிடும். மலிவாகக் கிடைத்த சான்றுக்கு எடையும் குறைவு. இன்வெர்ட்டட் ஹேமருக்கு அதே விதி விலையுயர்ந்தது. மேலே சொன்ன பங்கில் 432க்கு மேல் முடிவு வர வேண்டுமென்றால் ஒரே நாளில் கிட்டத்தட்ட 3 சதவீதம் ஏற வேண்டும். வந்தால் அதற்கு எடை உண்டு, ஆனால் வாங்குபவர் அதற்குள் நிறையக் கொடுத்திருப்பார்.

எவ்வளவு என்று பார்க்கலாம். ஸ்டாப் லாஸ் இரண்டு முறையிலும் 416. நிசன் முறைப்படி மறுநாள் உடலுக்கு மேல், 423இல் முடிந்ததும் வாங்கினால் பங்குக்கு ரிஸ்க் 7 ரூபாய். கறாரான விதிப்படி 435இல் முடிந்ததும் வாங்கினால் 19 ரூபாய். இந்த ஒரு வர்த்தகத்தில் 4,000 ரூபாய்க்கு மேல் இழக்கக் கூடாது என்று வைத்திருப்பவர் முதல் முறையில் 571 பங்கு வாங்கலாம், இரண்டாம் முறையில் 210. ரிஸ்க்குக்கு இரு மடங்கு லாபம் வேண்டும் என்றால் முதலாமவருக்கு 437 போதும். இரண்டாமவர் 473 வரை காத்திருக்க வேண்டும். பங்கு அண்மையில் 441இல் இருந்து விழுந்தது என்பதை நினைவில் வைத்தால், 473க்கு முன் எத்தனை பேர் சிக்கிக்கொண்ட பங்கை விற்றுவிட்டுப் போகக் காத்திருப்பார்கள் என்பது தெரியும். மாறாக, முதலாமவர் வாங்கும் பொய்யான சமிக்ஞைகள் மிக அதிகமாக இருக்கும். உறுதிப்பாடு ரிஸ்க்கை ஒழிப்பதில்லை. தவறான கேண்டில் என்ற ரிஸ்க்கை எடுத்துக்கொண்டு, மோசமான விலை என்ற ரிஸ்க்கைக் கையில் கொடுக்கிறது.

டெஸ்லாவில் இது கண்ணுக்கு நேராக நடந்தது. பிப்ரவரி 5 அன்று, கொரோனா பரவலால் சீனாவில் கார்களை ஒப்படைப்பது தாமதமாகும் என்ற செய்தியோடு பங்கு 823.26இல் தொடங்கியது. முதல் நாளின் அடியான 833.88க்கும் கீழே. முடிந்தது 734.70இல், 17 சதவீத வீழ்ச்சியோடு. மூன்று படி உறுதிப்பாடும் ஒரே நாளில் கிடைத்துவிட்டது. புத்தகத்தில் படம் போட்டு வைக்கத் தக்க கன்ஃபர்மேஷன் கேண்டில்.

ஆனால் ஸ்டாப் லாஸ் எங்கே? ஸ்டாரின் உச்சியான 968.99க்கு மேல். தொடக்கத்திலேயே ஷார்ட் அடித்தவருக்குப் பங்குக்கு ரிஸ்க் 146 டாலர். முடிவு விலை வரட்டும் என்று பொறுமையாகக் காத்தவருக்கு 234 டாலர். விதியைச் சரியாகப் பின்பற்றியவர்தான் அதிக ரிஸ்க்கில் நின்றார். வீழ்ச்சியின் பெரும்பகுதி உறுதிப்பாட்டு நாளுக்குள்ளேயே முடிந்துபோயிருந்தது. பிப்ரவரி 19 அன்று பங்கு 917.42இல் முடிந்தது. 734.70இல் நுழைந்தவர் கிட்டத்தட்ட 25 சதவீத நஷ்டத்தில், ஸ்டாப் லாஸும் அடிபடாமல், நின்றுகொண்டிருந்தார். அதன்பின் உலகச் சந்தைகளே கொரோனாவில் சரிந்தன. மார்ச் 18 அன்று டெஸ்லா 361.22. பொறுத்தவருக்குப் பெரிய லாபம்தான். ஆனால் அதைக் கொடுத்தது பெருந்தொற்று, அந்த ஒரு நாள் விக் அல்ல. ஒற்றை நாள் கேண்டிலின் செய்தி சில நாட்களுக்குத்தான் செல்லும். ஆறு வாரம் கழித்து வந்ததை அதன் பேரில் எழுதுவது நியாயமில்லை.

இந்தியச் சந்தையில் இந்த விதிகளைப் பயன்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு சங்கதிகள் உண்டு. முதலாவது முடிவு விலை. தேசியப் பங்குச் சந்தையில் அதிகாரப்பூர்வ முடிவு விலை என்பது நீண்ட காலமாகக் கடைசி வர்த்தகத்தின் விலை அல்ல, பிற்பகல் 3 மணி முதல் 3:30 வரை நடந்த வர்த்தகங்களின் எடையிட்ட சராசரி. கடைசி நிமிடங்களில் விலை குதித்தாலோ சரிந்தாலோ இரண்டுக்கும் இடையே சில ரூபாய் வித்தியாசம் வரும். இரண்டு ரூபாய் உடலை வைத்துப் பெயர் சூட்டும் இடத்தில் சில ரூபாய் பெரிய விஷயம். ஒரு செயலியில் இன்வெர்ட்டட் ஹேமராகத் தெரிவது இன்னொன்றில் வெறும் சிவப்புக் கேண்டிலாகத் தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். எந்த முடிவு விலையை அது எடுத்துக்கொள்கிறது என்று பார்த்தால் காரணம் கிடைத்துவிடும். 3:15க்கு உறுதியானதுபோல் தோன்றிய கேண்டில் 3:30க்கு மாறிவிடுவதும் இதன் இன்னொரு முகம்.

இரண்டாவது, கேஷ் சந்தையில் கையில் இல்லாத பங்கை விற்றுவிட்டு மறுநாள் வரை வைத்திருக்க முடியாது. அன்றைக்கே திரும்ப வாங்கியாக வேண்டும். தினசரி சார்ட்டில் ஷூட்டிங் ஸ்டார் உறுதியானால், சில நாள் இறக்கத்தைப் பிடிக்க ஃபியூச்சர்ஸோ ஆப்ஷன்ஸோ வேண்டும். அந்த வசதி எல்லாப் பங்குக்கும் இல்லை. ஃபியூச்சர்ஸில் ஒரு லாட்டுக்குக் குறைவாக எடுக்கவும் முடியாது. 4,000 ரூபாய் ரிஸ்க் கணக்கு அங்கே பெரும்பாலும் செல்லாது. பங்கைக் கையில் வைத்திருக்கும் சாதாரண முதலீட்டாளருக்கு ஷூட்டிங் ஸ்டாரால் மிஞ்சும் பயன், அன்று புதிதாக வாங்காமல் இருப்பது, ஏற்கெனவே லாபத்தில் இருப்பதன் ஸ்டாப் லாஸை அந்தக் கேண்டிலின் அடிக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்து வைப்பது. அடி உடைந்தால் ஆர்டர் தானாகவே விற்றுவிடும், உடையாவிட்டால் பங்கு கையில் இருக்கும். நாள் நடுவில் அடியைத் தொட்டுத் திரும்பும் விலையிலும் இந்த ஆர்டர் நிறைவேறிவிடும் என்பதால், முடிவு விலை விதியைப் பிடிப்பவர்கள் ஆர்டர் போட்டு வைக்காமல் கடைசிப் பத்து நிமிடத்தில் திரையைப் பார்த்துத்தான் விற்க வேண்டியிருக்கும்.